தரகரைக் கூப்பிடும் முன் வாலடியைப் பாருங்கள்

திருவட்டாற்றுப் பக்கம் மூன்று நான்கு கறவை மாடு வைத்திருப்பவர்களே, ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று தரகரைக் கூப்பிடுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். அந்த மாடு கடைசியாகப் பருவத்துக்கு வந்த தேதி உங்களிடம் எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அதை மலடு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

விடியும் முன்பே ரப்பர் வெட்டுக்குப் போய்விடுகிறோம். வீடு திரும்பும்போது வெயில் ஏறிவிடுகிறது. மாடு பருவம் காட்டுவதோ பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் அரை நாளோ, கொஞ்சம் கூடுதலாகவோ இருந்துவிட்டுப் போய்விடும். எல்லா மாடும் கத்துவதில்லை. கத்தட்டும் என்று காத்திருந்தால் மூன்று வாரத் தீவனம் வீணாகும். பழி மாட்டின் மேலோ, ஊசி போட வந்தவர் மேலோ விழும்.

நாம் பார்க்காத நேரத்தில் நடந்ததை வாலடியில் பூசிய பெயிண்ட் சொல்லும். 1977-ல் நியூசிலாந்தில் மாக்மில்லனும் கர்னோவும் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். பருவத்தில் இருக்கும் மாடு, மற்ற மாடு தன் மேல் ஏறும்போது விலகாமல் நிற்கும். ஏறும் மாட்டின் நெஞ்சு உரசி, வால் தொடங்கும் இடத்தில் பூசிய பெயிண்ட் உதிரும். வாலடியைத் துடைத்துக் காயவிட்டு, வால் முளைக்கும் இடத்திலிருந்து முதுகெலும்பின் மேலாக முன்னோக்கி ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம் பூசினால் போதும். தண்ணீரில் கலக்கும் பெயிண்டையே பூசுங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கும். ஈயம் கலந்த எண்ணெய் பெயிண்ட் மாட்டுக்கு நஞ்சு.

ஆனால் ஒன்று: முளையில் கட்டிப் போட்ட மாட்டின் மேல் எந்த மாடும் ஏறாது. நாள் முழுக்கக் கட்டியே வைத்துவிட்டு, பெயிண்ட் அழியவில்லை, பருவம் வரவில்லை என்பது அந்த மாட்டுக்குச் செய்யும் அநீதி. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரமாவது, வழுக்காத மண் தரையில், மாடுகளைச் சேர்த்து அவிழ்த்து விடுங்கள். ஒரே மாடு வைத்திருப்பவருக்குப் பெயிண்ட் உதவாது, நோட்டுதான் துணை.

நோட்டு இல்லாமல் பெயிண்டை மட்டும் நம்பவும் கூடாது. ரப்பர் மரத்தில் முதுகைத் தேய்த்தாலும் அது அழியும். நம் ஊர் மழையிலும் கரையும். அதனால் கறக்கும்போதே ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பெயிண்ட் முழுசா, பாதியா, போய்விட்டதா, பால் குறைந்ததா, தீவனத்தை மிச்சம் வைத்ததா, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கியதா, எது எதன் மேல் ஏறியது. ஏறின மாட்டைவிட, அசையாமல் நின்ற மாடே முக்கியம். அதை அன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து நிரப்பும் நோட்டு பொய் சொல்லும்.

ஆகஸ்ட் 2-ல் ஈன்ற ஒரு செவலையை வைத்துப் பார்ப்போம். செப்டம்பர் 14-ல் வழும்பு கண்டீர்கள். ஈன்று 43 நாள்தான் ஆகிறது, ஊசி வேண்டாம். தேதியை எழுதினால் போதும். அக்டோபர் 2 முதல், அதாவது 18-ஆம் நாளிலிருந்து, கவனம் கூட வேண்டும், புதிதாகப் பூசுங்கள். 5-ஆம் தேதி காலையில் பெயிண்ட் பாதி போயிருக்கிறது, பால் ஒரு லிட்டர் குறைவு, அவிழ்த்ததும் மற்ற மாடு ஏற இது நிற்கிறது. மூன்றும் ஒத்துப்போகின்றன. காலையில் கண்டதற்கு அன்று மாலை ஊசி. மாலையில் கண்டிருந்தால் மறுநாள் காலை. ஊசி போட வருபவரிடம் நீங்கள் பார்த்த நேரத்தை உள்ளபடி சொல்லுங்கள். நேற்றே பார்த்ததை இன்று பார்த்ததாகச் சொன்னால் ஊசி பிந்திவிடும், நஷ்டம் உங்களுக்கு.

ஊசி போட்டபின் வேறு நிறம் பூசுங்கள். அக்டோபர் 23 முதல் 29 வரை அது அழிகிறதா என்று பாருங்கள். அழிந்தாலும் உடனே மறு ஊசி போடச் சொல்லிவிடாதீர்கள். சினை மாடும் சில சமயம் பருவம் காட்டும், அதற்கு ஊசி போட்டால் கரு கலையலாம். மற்ற குறிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, ஊசி போடுபவரிடம் முதல் ஊசித் தேதியைக் காட்டுங்கள். அழியாவிட்டாலும் சினை என்று முடிவு கட்டாமல், டிசம்பர் கடைசிக்குள் கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதியுங்கள்.

வாலில் ரத்தம் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பதறி ஊசிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அது பருவம் முடிந்து ஓரிரு நாள் ஆனதன் அடையாளம். இந்த முறை தவறிவிட்டது. ஆனால் அந்த நாளிலிருந்து 19 நாள் கூட்டினால் அடுத்த பருவம் ஏறக்குறையத் தெரியும். அந்தத் தேதியை எழுதி வைத்துப் பெயிண்ட் பூசி, அது வந்து போகும்வரை மாட்டுக்கு விலை பேசாதீர்கள்.