தோளில் ஒரு போர்வை



சென்ற சனிக்கிழமை நம் பங்கு மண்டபத்தில் ஒரு தம்பதியின் திருமண வெள்ளிவிழா நடந்தது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். கேக் வெட்டி, எல்லார் கையிலும் வைன் கொடுத்த பிறகு, டோஸ்ட் சொல்ல அவர்களுடைய மகள் எழுந்தாள். மூவரையும் கேட்டுக்கொண்டுதான் இதை இன்று பேசுகிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அப்பா ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிடுவார். அம்மா உள்ளே இருந்து 'அஞ்சு நிமிஷம்'னு குரல் கொடுப்பாங்க. அப்பா ஹாரன் அடிப்பார். அம்மா இன்னொரு அஞ்சு நிமிஷம் கேட்பாங்க. 25 வருஷமா எங்க தெருவுக்குப் பூசை மணியே அந்த ஹாரன்தான்" என்றாள். மண்டபமே சிரித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பா தலையாட்டிக்கொண்டே சிரித்தார். அந்த இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அவள் மேலே பேசினாள்.

"போன வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன். தியேட்டர் வாசல்ல அப்பா நின்னுட்டே இருந்தார். நர்ஸ் வந்து உட்காரச் சொன்னாங்க. 'அவ எப்பவும் லேட்டாத்தான் வருவா, நான் நிக்கிறேன்'னு சொன்னார். அன்னைக்கு அவர் ஒரு தடவைகூட மணி பார்க்கலை." பிறகு கிளாஸை உயர்த்தி, "அப்பா இன்னும் ரொம்ப வருஷம் ஹாரன் அடிக்கணும், அம்மா இன்னும் ரொம்ப வருஷம் லேட்டா வரணும்" என்று முடித்தாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. எந்தப் பொறுமையின்மையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாளோ, அந்த மனிதரின் பொறுமையையே கடைசியில் நம் கண்முன் நிறுத்திவிட்டாள்.

விழாவுக்கு முன்பே அவள் தாளில் எழுதி அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அதிலிருந்த ஒரு சம்பவத்தை அம்மா பேனாவால் அடித்துவிட்டாராம். ஏன் என்று மகள் கேட்கவில்லை. என்ன சம்பவம் என்று நானும் கேட்கவில்லை.

அந்தப் பேனாக் கோடு எனக்கு நோவாவின் மகன்களை நினைவூட்டியது. தொடக்கநூல் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா மது மயக்கத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார். காம் அதைப் பார்த்துவிட்டு, வெளியே இருந்த சகோதரர்களிடம் போய்ச் சொல்கிறான். அவன் சொன்னது பொய்யல்ல. ஆனாலும் சேமும் எப்பேத்தும் ஒரு துணியைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னோக்கி நடந்து வந்து தகப்பனை மூடுகிறார்கள். அன்பானவர்களே, நம் வீட்டாரைப் பற்றி நாலு பேர் நடுவே சிரிக்கப் பேசும்போது நம் தோளில் அந்தத் துணி இருக்கிறதா? அப்பா தோற்றுப்போன தொழில், அவர் குடித்த காலம், அம்மாவின் உடல் பருமன், அவரது அரைகுறைப் படிப்பு, இவற்றைச் சொன்னாலும் மண்டபம் சிரிக்கும். விருந்தினர் சிரிப்பு முதலில் எழுந்து, பெற்றோரின் சிரிப்பு தயங்கித் தயங்கி ஒட்டிக்கொண்டால், துணி நழுவிவிட்டது என்று அறியலாம்.

அதற்காக, குடும்பத்துச் சண்டையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் திருவிவிலியமே சொல்கிறதே! கண்பார்வை இழந்த தோபித்துக்காக அன்னா கூலிக்கு நெசவு செய்கிறார். ஒருநாள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைக்கிறது. அது கத்துவதைக் கேட்ட தோபித்து, திருடி வந்ததோ என்று சந்தேகப்படுகிறார். அன்னா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அன்னாவும் விடாமல், நீர் செய்த தான தருமமெல்லாம் எங்கே போயிற்று என்று திருப்பிக் கேட்டுவிடுகிறார். புனித நூலில் இப்படி ஒரு கணவன் மனைவிச் சண்டை! ஆனால் நூல் அதோடு நின்றுவிடவில்லை. மகன் தோபியா தொலைதூரம் புறப்பட்டபோது அழுத அன்னாவைத் தேற்றுபவர் அதே தோபித்து. மகன் வரும் வழியைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்து, அவன் வருவதைக் கணவருக்கு முதலில் சொல்பவர் அதே அன்னா. கடவுள் அந்தச் சண்டையை மறைக்கவில்லை. அந்த இருவரையும் அதை வைத்து மட்டும் நமக்குக் காட்டவும் இல்லை. அவருடைய இரக்கம் அப்படிப்பட்டது.

இங்கே சிலருக்கு நெஞ்சு கனக்கலாம். எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒன்றுமே இல்லையே, சாமி, என்று நினைக்கலாம். எல்லார் முன்னும் வாழ்த்துச் சொல்ல வேண்டிய கடன் பிள்ளைகளுக்கு இல்லை. "நன்றி அப்பா, நன்றி அம்மா" என்ற இரண்டு சொல்லே போதும்; அதுவும் தொண்டையை அடைத்தால், மௌனமாக உங்கள் கண்ணீரை இந்தப் பீடத்தில் வையுங்கள், ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்வார். வேறு சிலர், முன்பொரு நாள் வேடிக்கையாகச் சொன்ன சொல் பெற்றோரைத் தைத்ததை இப்போது நினைத்திருப்பீர்கள். பெற்றோர் உயிரோடிருந்தால் இன்று மதியம் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அன்று சொல்லாமல் விட்ட நல்லதை அவர்கள் காதில் சொல்லுங்கள். அவர்கள் கடவுளிடம் போய்விட்டார்கள் என்றால், இந்தத் திருப்பலியிலேயே அதை அவர்களுக்குச் சொல்லலாம். ஆமென்.