சனிப் பிரதோஷம் வெள்ளிக்கிழமை வரும்

பஞ்சாங்கத்தின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, "இதை இங்கிலீஷில் எழுதிக் கொடுங்கள், லண்டனில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்பது இப்போது சகஜம். பார்த்தால் அரைமணி வேலை. திதி, நட்சத்திரம், யோகம், கரணம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் எழுத்துக்கூட்டல் இருக்கிறது. சங்கடம் எண்களில்தான்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்வோம். துவாதசிக்கு எதிரே 38.20 என்றும், நட்சத்திரத்துக்கு எதிரே 17.25 என்றும் இருக்கின்றன. இரண்டாவதை மட்டும் பார்த்தவர் மாலை 5.25 என்று எழுதிவிடுவார். முதல் எண்தான் காட்டிக்கொடுக்கிறது. 38 மணி என்று ஒன்று கிடையாது. இவை சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகையும் விநாடியும். நாழிகைக்கு 24 நிமிஷம், விநாடிக்கு 24 நொடி. சென்னையில் அன்று உதயம் 5.45 என்றால் நட்சத்திரம் முடிவது பகல் 12.43, துவாதசி முடிந்து திரயோதசி பிறப்பது இரவு 9.05. பக்கத்தில் 24-ஐத் தாண்டிய எண் ஒன்றாவது இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டால் இந்தத் தவறு நேராது. பல பதிப்புகளில் பக்கத்திலேயே மணிக்கணக்கும் இருக்கும். படமெடுத்தவர் அந்தப் பத்தியை வெட்டியிருப்பார், அது வேறு விஷயம்.

இதோடு வேலை முடிந்ததாகத்தான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெண் இருப்பது லண்டனில்.

திதி என்பது சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம். அது முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆகவே சென்னையின் இரவு 9.05, லண்டனின் கோடைக் கணக்கில் அதே வெள்ளி மாலை 4.35. கழித்தால் போதும். ஆனால் அதே பக்கத்தில் இருக்கும் ராகுகாலத்தை அப்படிக் கழிக்கக்கூடாது. அது அந்தந்த ஊரின் பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. வெள்ளிக்கு நான்காம் பங்கு. நம் ஊரில் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் என்பதால் பத்தரை முதல் பன்னிரண்டு என்று வாய்ப்பாடாகச் சொல்லிவிடுகிறோம். ஜூன் கடைசியில் லண்டனில் சூரியன் 4.43-க்கு உதித்து இரவு 9.21-க்கு மறைகிறது. ஒரு பங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே ராகுகாலம் 10.57-க்குத் தொடங்கி 1.02 வரை நீளும். ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் இரண்டு விதமான காலம் அச்சாகியிருக்கிறது: ஒன்று உலகத்துக்குப் பொது, மற்றது ஊருக்குச் சொந்தம்.

பண்டிகை இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது. பிரதோஷத்துக்குத் திரயோதசி மட்டும் போதாது. அது அஸ்தமன வேளையில் இருக்க வேண்டும். சென்னையில் வெள்ளி மாலை இன்னும் துவாதசி. திரயோதசி மறுநாள் இரவு எட்டரை வரை இருப்பதால் சனிக்கிழமை மாலைதான் பிரதோஷம். பஞ்சாங்கமும் சனிப் பிரதோஷம் என்றே போட்டிருக்கும். லண்டனிலோ வெள்ளி மாலை 4.35-க்கே திரயோதசி வந்துவிட்டது. சனி மாலை நான்கு மணிக்கு முடிந்தும்விடும். அஸ்தமனத்தில் திரயோதசி இருப்பது வெள்ளியன்றுதான். எழுத்துப் பிசகாமல் சனிப் பிரதோஷம் என்று எழுதி அனுப்பினால், அந்தப் பெண் சதுர்த்தசியில் விளக்கேற்றுவாள்.

சென்னையின் தேதியையே வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு குடும்பமோ கோயிலோ முடிவு செய்தால் அதில் குறையில்லை. அம்மா விளக்கேற்றும் நாளில் தானும் ஏற்ற வேண்டும் என்ற ஆசைக்குப் பஞ்சாங்கத்தில் பதில் கிடையாது. ஆனால் அந்த முடிவை அவர்கள் தெரிந்து எடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிடக்கூடாது.

இன்னொன்று, எந்தப் பஞ்சாங்கம் என்பது. பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியமும், இன்றைய வானியல் கணக்கோடு ஒத்துப்போகும் திருக்கணிதமும் திதியில் சில மணி நேரம் விலகும். அஸ்தமனத்தை ஒட்டி முடியும் திதியானால் அந்த விலகலே நாளை மாற்றிவிடும். கும்பத்துக்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி, திருநள்ளாற்றில் கொண்டாடியது, அதே ஆண்டு டிசம்பர் 20. உள்பக்கத்தை மட்டும் பார்த்து எது எதுவென்று சொல்வது கடினம். மேலட்டையை யாரும் படமெடுப்பதில்லை.

ஆகவே படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தை ஓரம் வெட்டாமல் எடுங்கள். மேலட்டையையும் ஒரு படம் எடுங்கள். அது எந்த ஊருக்குப் போகிறது என்று கீழே எழுதிவிடுங்கள்.