பழைய மேனேஜர் கணக்கை புது மேனேஜரிடம் தீர்க்கலாமா?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுன்னு சொல்வாங்க. வேலை மாறினவங்க நிலைமை வேற. தினமும் எட்டு மணி நேரம் அடுப்பங்கரையிலேயே உட்காரணும்.

என் பழைய கம்பெனியில் கோட் ரிவ்யூ என்றாலே எல்லார் முன்னாடியும் திட்டு வாங்குவதுதான். புது இடத்தில், "இதை ஏன் இப்படி எழுதினீங்க?" என்று ஒரு வரி கமெண்ட் வந்தது. சாதாரணக் கேள்விதான். ஆனாலும் நெஞ்சு படபடக்குது, கை தானாகவே பத்து வரி விளக்கம் டைப் செய்யுது.

இப்படிப் பயப்படுவது அந்தப் புது மனுஷருக்குச் செய்யும் அநியாயமா?

பயம் வருவது நம்ம கையில் இல்லை. அதை வைத்து அவருக்குத் தீர்ப்பு எழுதுவதுதான் அநியாயம். நஷ்டமும் நமக்கே. திட்டுவாரோ என்று சந்தேகம் கேட்காமல் மூணு நாள் முட்டி நிற்போம். வேலை தாமதமாகும். அவர் காரணம் கேட்பார். "பார்த்தியா, இவரும் அப்படித்தான்" என்று மனசு சொல்லும்.

அதனால் சின்னதா சோதிச்சுப் பாருங்க. முதல் வாரம் ஒரு சின்ன சந்தேகம் கேளுங்க. அடுத்து, ஒரு வேலை ஒரு நாள் தள்ளிப்போகும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்க. பதில் எப்படி வருதுன்னு கவனிங்க. ஒரு நாள் சிடுசிடுப்புக்கு ரிலீஸ் டென்ஷன் காரணமா இருக்கலாம். கேட்கும்போதெல்லாம் அவமானம்தான் என்றால் அது அவர் பழக்கம். தேதியோடு குறிச்சு வைங்க.

அவர் நடந்துகொள்ளும் அளவுக்கு நம்பினால் போதும்.