நன்றி என்பது ஒரு முகவரி

தமிழ்ச் சஞ்சிகைகளில் ஓர் எழுத்தை மறுபிரசுரம் செய்யும்போது அதன் அடியில் ‘நன்றி’ என்று போட்டு மூலத்தின் பெயரை எழுதுவது நம்முடைய பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் படங்கள் என்று வந்ததும் அது ‘நன்றி: இணையம்’ என்றும் ‘நன்றி: கூகிள்’ என்றும் ஆகிவிடுகிறது. கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் தபால்காரரின் பெயரைச் சொல்வதைப் போன்றது இது. நன்றி சொன்ன திருப்தி நமக்குக் கிடைக்கிறது. வாசகருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

குடிநீரின் வரலாறு பற்றி ரொறொன்ரோவில் ஒரு வாசகர் வட்டத்தில் ஒரு மணிநேரம் பேசினேன். அந்தப் பேச்சைப் பொதுவில் வெளியாகும் கட்டுரையாக எழுத உட்கார்ந்தபோது, சிலைடுகளில் இருந்த மூன்று படங்களை என்ன செய்வது என்பதே பெரிய கேள்வியாயிற்று. பேச்சில் ஒரு படம் பதினைந்து விநாடி திரையில் நின்று மறைந்துவிடும். அதற்குள் அது யாருடையது என்று வாயால் சொல்லிவிடலாம், சந்தேகமுள்ளவர் கையைத் தூக்கிக் கேட்கலாம். அச்சில் நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அங்கே படம் தானாகப் பேசும். யாராவது அதை மட்டும் வெட்டி வேறெங்கோ அனுப்பினால் என் கட்டுரையும் அதன் பக்கத்தில் இருக்காது. ஆகவே பேச்சில் குரல் செய்த வேலையைப் படத்தின் அடியிலுள்ள ஒரு வரி செய்யவேண்டும். அந்த வரியில் என்ன இருக்கவேண்டும், யாருக்கு?

முதல் படம் ஜோன் ஸ்நோவின் கொலரா வரைபடம். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் கொலரா பரவியபோது, இறப்புகள் புரோட் தெருவிலிருந்த ஒரு நீர்க்குழாயைச் சுற்றிக் குவிந்திருந்ததை அது காட்டுகிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன படம். சட்டப்படி நான் யாருக்கும் ஒரு சொல்லும் கடன்படவில்லை. ‘ஜோன் ஸ்நோ, 1854’ என்று எழுதினால் போதும் என்றே எவருக்கும் தோன்றும்.

ஆனால் திரையில் நாம் அடிக்கடி காணும் படம் ஸ்நோவுடையது அல்ல. அதைக் கண்டுபிடிப்பது எளிது. மூல வரைபடத்தில் ஒவ்வொரு இறப்பும் ஒரு சிறிய கறுப்புக் கோடு. இறந்தவர் வாழ்ந்த வீட்டின் எதிரே அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உங்கள் படத்தில் அடுக்கிய கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருந்தால் அது பின்னால் வந்த ஒருவர் திருப்பி வரைந்தது. புவியியலாளர் ஈ. டபிள்யூ. கில்பர்ட் 1958இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்த புள்ளி வரைபடம் அப்படிப்பட்டது. அது பல பாடநூல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. புள்ளிப் படத்தின் கீழ் ஸ்நோவின் பெயரைப் போடுவது, பார்ப்பதற்கு மரியாதை போலத் தோன்றினாலும், அவர் வரையாத ஒன்றை அவர் தலையில் கட்டுவதாகும். திருப்பி வரைந்தவரின் உழைப்பும் அதோடு மறைந்துபோகிறது.

ஆண்டும் இங்கே சும்மா ஓர் எண் அல்ல. நீர்க்குழாயின் கைப்பிடி 1854 செப்டெம்பர் 8ஆம் திகதி கழற்றப்பட்டது. வரைபடம் அதற்குப் பிறகு தயாரிக்கப்பட்டு, 1855இல் ஸ்நோ தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்தது. அவர் வரைபடத்தைப் பார்த்துத்தான் நீர்க்குழாயைக் கண்டுபிடித்தார் என்ற கதை அதனால் நிற்காது. முன்பே வந்தடைந்த முடிவை மற்றவருக்கு விளங்கப்படுத்தவே வரைபடம் பயன்பட்டது. அடியில் வெறுமனே ‘1854’ என்று எழுதினால் அந்தத் தவறான கதைக்கு நானும் ஒரு சாட்சி ஆகிறேன். ஆகவே 1855 நூலிலுள்ள மூலப் படத்தின் மின்வருடலைத் தேடி எடுத்து, நூலையும் ஆண்டையும் குறிப்பிடுவது என்று முடிவு செய்தேன். சட்டம் கேட்காத இடத்திலும் அந்த வரி தேவைப்பட்டது. காரணம் ஸ்நோவுக்குச் செலுத்தவேண்டிய நன்றி மட்டுமல்ல. நான் சொல்வது சரியா என்று வாசகர் போய்ப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

இரண்டாவது படம் இன்னும் சிக்கலானது. சில நாடுகளில் எத்தனை வீதமானோருக்குக் குடிநீர் கிடைக்கிறது என்பதைக் காட்டும் ஒரு கோட்டு வரைபு. ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ என்ற ஒக்ஸ்போர்ட் சார்ந்த ஆய்வுக் குழுவின் தளத்திலிருந்து எடுத்தது. அவர்களுடைய வரைபுகளை CC BY 4.0 என்ற உரிமத்தின் கீழ் எவரும் பயன்படுத்தலாம். அந்த உரிமம் கேட்பவை சிலதான்: ஆக்கியவர் பெயரைச் சொல், உரிமத்தைக் காட்டு, மாற்றம் செய்திருந்தால் செய்தேன் என்று சொல், அவர்கள் உன்னை ஆமோதிப்பதாகத் தோன்ற வைக்காதே.

ஆனால் அவர்கள் அந்த எண்களை அளக்கவில்லை. எண்கள் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கண்காணிப்புத் திட்டத்திலிருந்து வருகின்றன. அவர்களும் பெரும்பாலும் நேரில் அளப்பதில்லை. நாடுகள் நடத்தும் வீட்டுக் கணக்கெடுப்புகள், குடிசன மதிப்பீடுகள், நிர்வாகப் பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். அதற்கும் பின்னால் யாரோ ஒரு பெண் கையில் படிவத்துடன் ஒரு வாசலில் நின்று, தண்ணீர் எங்கேயிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டவர், மதிப்பிட்டவர், வரைந்தவர், கடைசியில் நான். இத்தனை கைகள்.

எல்லாக் கைகளையும் ஒரு வரியில் எழுத முடியாது. எங்கே நிறுத்துவது? நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: இந்த எண் பிழை என்று ஒருவர் நினைத்தால் யாரிடம் போய்க் கேட்பார்? மதிப்பிட்டவரிடம். கோடு தவறாக இழுக்கப்பட்டிருக்கிறது என்றால்? வரைந்தவரிடம். தமிழ்ச் சொல் பிழை என்றால்? என்னிடம். ஆகவே மூன்று பெயர்களும் வேண்டும். வெறும் தரவுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை என்பதால், அதே எண்களை வைத்து நானே புதிதாக வரைந்தால் வரைந்தவர் பெயர் போய்விடும். எண் தந்தவர் பெயர் அப்போதும் போகாது. சட்டம் விடுவித்தாலும் கடன் நிற்கும் இடம் அது.

தமிழ்ச் சொல்லைப் பற்றிச் சொன்னேன். உண்மையான ஆபத்து அங்கேதான் இருந்தது. கூட்டுக் கண்காணிப்புத் திட்டம் குடிநீரைப் படிகளாகப் பிரிக்கிறது. ‘அடிப்படை’ என்றால் மேம்படுத்தப்பட்ட மூலத்திலிருந்து, வரிசையில் நிற்பது உட்பட, முப்பது நிமிடத்துக்குள் போய்வந்து எடுக்கக்கூடிய தண்ணீர். ‘பாதுகாப்பாக நிர்வகிக்கப்படுவது’ என்றால் வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கவேண்டும், தேவையான நேரத்தில் வரவேண்டும், மாசு இல்லாதிருக்கவேண்டும். ஒரே நாட்டுக்கு இந்த இரண்டு எண்களும் வெகுதூரம் விலகி நிற்கலாம். இரண்டாவது படியைக் காட்டும் வரைபுக்கு நான் தமிழில் ‘குடிநீர் கிடைப்போர்’ என்று தலைப்பிட்டு, அடியில் அவர்களின் பெயரைப் போட்டால், கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தண்ணீரே இல்லை என்று அவர்கள் சொன்னதாக ஆகிவிடும். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பெயர் சரியாகப் போட்டும் பொய் சாட்சி சொல்ல வைக்கலாம் என்பதை இந்த ஒரு சொல் எனக்குக் காட்டியது. பெயரைச் சொல்லாமல் எடுப்பது ஒருவருடையதை எடுத்துக்கொள்வது. மாற்றியதைச் சொல்லாமல் பெயரைப் போடுவது அவருடையதல்லாததை அவரிடம் கொடுப்பது. இரண்டாவதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை.

இதற்கு மேற்கிலிருந்து ஒழுக்க விதி தேடவேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் தன் பதிப்புகளின் முகவுரையில், எந்த ஏட்டுப்பிரதி யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து கிடைத்தது என்று எழுதினார். பிரதிகள் வேறுபட்ட இடங்களைப் பாடபேதம் என்று அடியில் தந்தார். புலவர் வேறு, ஏட்டைப் பாதுகாத்துக் கொடுத்தவர் வேறு, பதிப்பித்தவர் வேறு என்று மூன்று பொறுப்புகளும் அங்கே தனித்தனியாக நிற்கின்றன. குறளின் அதிகாரத் தலைப்பும் செய்ந்நன்றி ‘அறிதல்’ என்றுதான் இருக்கிறது. யார் என்ன செய்தார் என்று அறியாமல் சொல்லும் நன்றி அந்தத் தலைப்புக்குள் அடங்காது.

கடைசியில் வரைபின் அடியில் நான் எழுதிய வரி இப்படி இருந்தது:

“தரவு: உலக சுகாதார நிறுவனம் – யுனிசெஃப் கூட்டுக் கண்காணிப்புத் திட்டம். வரைபு: அவர் வேர்ல்ட் இன் டேட்டா, OurWorldinData.org, CC BY 4.0. ஐந்து நாடுகளை மட்டும் எடுத்ததும் தமிழாக்கமும் கட்டுரையாளர்.”

அதைக் கட்டுரையின் இறுதியில் ஒரு பட்டியலாக வைக்காமல் படத்தின் அடியில், படக்கோப்புக்கு உள்ளேயே வைத்தேன். படம் தனியே பயணம் போனாலும் முகவரி கூடவே போகும்.

மூன்றாவது படம் ஒரு புகைப்படம். கைப்பம்பு ஒன்றின் அருகே குடத்துடன் ஒரு சிறுமி. படத்தை வைத்தே தேடும் வசதியால் பல இடங்களில் அது கிடைத்தது. எல்லா இடத்திலும் ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்திருந்தார். எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எங்கும் இல்லை. ‘புகைப்படக்காரர் தெரியவில்லை’ என்று எழுதிப் போட்டுவிடலாம் என்றார் ஒரு நண்பர். அது நேர்மையான வரிதான். ஆனால் அது என் தேடலின் முடிவைச் சொல்கிறதே ஒழிய, படத்தைப் போடும் உரிமையை எனக்குத் தரவில்லை. பெயரைச் சொல்வதும் அனுமதி பெறுவதும் இரண்டு வேறு காரியங்கள்.

புகைப்படக்காரர் கிடைத்திருந்தாலும் ஒரு கடன் மிஞ்சியிருக்கும். டொரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த, குழந்தைகளுடன் இருக்கும் தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. எடுத்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் தொம்ப்சன் என்று பொதுவில் தெரியவந்தது 1978இல்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய முகம் வறுமை என்ற சொல்லுக்குப் படமாக இருந்தது. அந்தச் சிறுமியின் முகமும் என் சிலைடில் ‘தண்ணீர்ப் பஞ்சம்’ என்ற சொல்லுக்குப் படமாகத்தான் நின்றது. ஆனால் அவள் எந்த ஊர், அங்கே பஞ்சம் இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. வரைபுக்குக் கேட்ட கேள்வியை இங்கும் கேட்டேன்: இது பிழை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? ஒருவரும் இல்லை.

அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில், முப்பது நிமிட நடை என்றால் ஒரு நாளில் எத்தனை தடவை, எத்தனை குடம் என்று இரண்டு பந்தி எழுதவேண்டியிருந்தது. படம் இருந்திருந்தால் அதை எழுதியிருக்கமாட்டேன்.