அடுத்த வீட்டுக்காரியின் தவணை

ஒருவர் வாங்கிய கடனுக்கு இன்னொருவர் எப்போது பொறுப்பாகிறார்? ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் பொறுப்பு என்று சட்டம் சுலபமாகச் சொல்லிவிடும். ஆனால் எங்கள் மம்சாபுரத்தில் குழுக் கடன் வாங்கும் பெண்களிடம் இதைக் கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. "கையெழுத்து போடலன்னா யாருக்குமே லோன் கிடையாதுன்னாங்க, போட்டோம்" என்பார்கள். இந்தப் பதிலில் இருக்கும் சிக்கல்தான் இந்தக் கட்டுரை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டு குழுக்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கியது, 1997இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. பத்துப் பன்னிரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை சேர்வார்கள். முதலில் சேமிப்பார்கள், சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள், பிறகு குழுவின் பெயரில் வங்கிக் கடன் வாங்குவார்கள். யாருக்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதுவார்கள். உள்கடனுக்கு வரும் வட்டி குழுவின் பொதுப்பணத்தில் சேரும்.

இரண்டாவது, நிதி நிறுவனம் தன் கடனுக்காகக் கூட்டும் குழு. ஊரில் இதை 'வாரக் குழு' என்பார்கள். பைக்கில் வரும் அலுவலர், "அக்கா, இன்னும் நாலு பேரைச் சேருங்க" என்பார். ஆதார், ரேஷன் கார்டு, கணவரின் கையெழுத்து வாங்குவார்கள். பழைய கடன் எவ்வளவு என்று கணினியில் பார்ப்பார்கள். பிறகு பணம் ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாக ஏறும். திருப்பிக் கட்டும்போது மட்டும் ஐந்து பேரும் ஒரே ஆள். சேமிப்பு கிடையாது, தீர்மான நோட்டும் கிடையாது. லீடர் வீட்டுத் திண்ணையில் வாரத்தில் ஒரு நாள் குறித்த நேரத்துக்கு உட்கார வேண்டும், 'டியூ' முழுதாகச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்து பெண்கள், ஆளுக்கு 40,000 ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம், குறைந்துவரும் அசலுக்கு வட்டி, 52 வாரம். வாரத் தவணை சுமார் 870 ரூபாய் வரும். குழுவுக்கு 4,350. ஒருத்தியால் கட்ட முடியவில்லை என்றால் மீதி நால்வரும் தலைக்கு 1,090 ரூபாய் அளவுக்குக் கட்ட வேண்டும். இரண்டாவது ஆளும் நின்றால் மூவருக்குத் தலைக்கு 1,450. மூன்றாவது ஆளும் போனால் மிஞ்சும் இருவருக்கும் 2,175. யார் கடைசிவரை தாங்குகிறாளோ அவள் மேல்தான் பாரம் வேகமாகக் கூடுகிறது. ஒழுங்காகக் கட்டுவதற்குக் கிடைக்கும் பரிசு, மற்றவர்களின் தவணை.

இந்த ஏற்பாடு எந்த நம்பிக்கையில் நிற்கிறது? கஷ்டம் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நேரத்தில் வரும் என்ற நம்பிக்கையில். இந்த மாதம் உனக்குக் காய்ச்சல், நான் கட்டுகிறேன்; அடுத்த மாதம் என் மகனுக்குப் பரீட்சைக் கட்டணம், நீ கட்டு. நகரத்தில் வெவ்வேறு வேலை பார்க்கும் ஐந்து பேருக்கு இது ஒருவேளை பொருந்தலாம். மம்சாபுரம் மாதிரி ஊரில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே பிழைப்பை நம்பி இருப்பவர்கள். மழை தவறினால் எல்லாருக்கும் வயல்வேலை இல்லை. மாங்காய் காய்க்காத வருஷம் பறிப்புக் கூலி எல்லாருக்கும் இல்லை. ராஜபாளையத்தில் மில் ஷிப்டைக் குறைத்தாலும், சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகள் மூடினாலும் ஒரே வாரத்தில் பல வீட்டில் உலை கொதிக்காது. நல்ல காலத்தில் குழுவின் பலமாக இருக்கும் அந்த நெருக்கம்தான் கெட்ட காலத்தில் எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. 2020இல் ஊரடங்கு வந்தபோது இதை எல்லாரும் பார்த்தோம். ரிசர்வ் வங்கி ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

என் சித்தி ஒரு வாரக் குழுவுக்கு லீடராக இருந்தார். குழுவில் ஒரு அக்காவின் கணவர் லோடு இறக்கும்போது விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். நான்கு வாரம் மற்ற நால்வரும் ஆளுக்கு இருநூற்றுச் சொச்சம் சேர்த்துப் போட்டார்கள். ஐந்தாவது வாரம் இன்னொருத்தி, "எனக்கே முடியல மதினி" என்று ஒதுங்கினாள். அதற்குப் பிறகு அந்த அக்கா குழாயடிக்கு வருகிற நேரத்தை மாற்றிக்கொண்டார். எதிரே பார்த்தால் சித்தி கேட்கப்போவதில்லை. ஆனால் கேட்காமல் நிற்பதே கேட்பது மாதிரி ஆகிவிட்டது. "ஏன் சித்தி அவங்களுக்காகக் கட்டுனீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "அவளுக்காக எங்கப்பா கட்டுனேன்? அந்தத் தம்பி நம்ம திண்ணைய விட்டு எந்திரிக்கணும்ல, அதுக்காகக் கட்டுனேன்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். உதவி என்பது, செய்யாமலும் இருக்கலாம் என்ற நிலையில் செய்வது. சித்தி அந்த அக்காவுக்கு முன்பும் பணம் கொடுத்திருக்கிறார். அது இருவருக்கும் இடையில் நன்றியாகவும் உரிமையாகவும் இருந்தது. இப்போது கொடுத்தது அதே பணம்தான். ஆனால் அதைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆள் பிடுங்கிக் கொடுத்திருக்கிறான். ஆகவே நன்றி வரவில்லை, கசப்பு வந்தது. நட்பு என்று முன்பே இருந்த ஒன்றை நிறுவனம் அடமானமாக எடுத்துக்கொண்டது. நகை அடமானம் வைத்தால் ரசீதாவது உண்டு.

வட்டி எதற்காக வாங்கப்படுகிறது என்று பொருளியல் படித்தவர்களைக் கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள்: பணத்தின் விலை, வீடு வீடாகப் போய் வசூலிக்கும் செலவு, திரும்ப வராமல் போகும் அபாயம். மூன்றாவதற்கும் சேர்த்துத்தான் 24 சதவீதம். அப்படியானால் அபாயத்துக்கான கூலியை வாங்கிக்கொள்கிறவர் நிறுவனம், அபாயத்தைச் சுமக்கிறவர் சித்தி. சித்திக்கு அந்த வட்டியில் ஒரு பைசா இல்லை. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற முடிவிலும் இடமில்லை. என் கண்ணில் அநீதி இங்கேதான் இருக்கிறது, வட்டி விகிதத்தில் அல்ல.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானது. சொத்தில்லாத பெண்ணுக்கு வங்கி கடன் கொடுக்காது. குழு இல்லையென்றால் மிச்சமிருப்பது கந்துவட்டி. நூற்றுக்கு மாசம் பத்து வட்டி வாங்கியவனிடம் நின்ற பாட்டிகளுக்கு இந்த வாரக் குழு விடுதலைதான். ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது கடன் தேவை என்பதை மட்டும்தான். அடுத்தவள் தவணையை நான் கட்டினால்தான் கடன் திரும்ப வரும் என்பதை அது நிரூபிக்கவில்லை. இந்த முறைக்கு உலகப் புகழ் தேடித்தந்த வங்கதேசத்தின் கிராமீன் வங்கியே 2002 வாக்கில் கொண்டுவந்த புதிய விதிகளில், உறுப்பினர் தன் கடனுக்கு மட்டுமே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பிலிப்பைன்ஸில் கிரீன் பேங்க் என்ற வங்கியோடு சேர்ந்து ஷேவியர் ஜினே, டீன் கார்லன் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில குழுக்களில் வாரக் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டுப் பொறுப்பை மட்டும் எடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பணம் திரும்பி வருவது குறையவில்லை.

அப்படியானால் கூட்டத்தில் ஏதோ இருக்கிறது. கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் செய்த ஆய்வுகள் இதில் முக்கியமானவை. வாரம் ஒருமுறை சந்தித்த பெண்கள் மாதம் ஒருமுறை சந்தித்தவர்களைவிட அதிகமாகப் பழகிக்கொண்டார்கள், பின்னாளில் கடனையும் நன்றாகக் கட்டினார்கள். அதே ஊரில் இன்னொரு சோதனையில், மாதத் தவணை கட்டியவர்களிடம் கடனைப் பற்றிய கவலையும் பதற்றமும் வாரத் தவணை கட்டியவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. கூடுவது நல்லது, கூடும்போதெல்லாம் பணம் எண்ணுவதுதான் நோய்.

வாரத் தவணைக்கு இன்னொரு விளைவும் உண்டு. கடன் கையில் வந்த சில நாளிலேயே முதல் டியூ வந்துவிடும். கறவை மாடு வாங்கினால் அது கன்று போட்டுப் பால் தரும்வரை டியூ காத்திருக்காது. ஆட்டுக்குட்டி ஒரே வாரத்தில் ஆடாகாது. சனிக்கிழமை கூலி வாங்கும் தறிக்காரர் வீட்டுக்கு வாரக் கணக்கு சரி. மாசச் சம்பள மில் வீட்டுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை காசு பார்க்கும் மாந்தோப்பு வீட்டுக்கும் சரியில்லை. கொல்கத்தாவிலேயே முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். தொழிலில் போட்ட பணமும் லாபமும் கூடின. கூடவே கட்டாமல் போனவர்களும் கூடினார்கள். இதை மறைக்கக் கூடாது. பெரிதாக முயல்பவர்களில் சிலர் விழுவார்கள். அந்த விழுதலை யார் தாங்குவது என்பதுதான் மறுபடியும் கேள்வி.

ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகள் பல நல்ல காரியங்களைச் சொல்கின்றன. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூல். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எந்த இடைவெளியில் கட்டுவது என்பதிலும் வாங்குபவரின் வசதியைப் பார்க்க வேண்டும். கடனாளியின் உறவினரையோ நண்பரையோ உடன் வேலை செய்பவரையோ தொல்லை செய்வதும் தப்பு. இந்தக் கடைசி விதியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். நண்பரைத் தொல்லை செய்யக் கூடாது. ஆனால் குழுப் பொறுப்பு நண்பரையே கடனாளியாக்கிவிடுகிறது. அப்புறம் அவரைக் கேட்பது தொல்லை இல்லை, வசூல். விதியை மீறாமலேயே விதி காப்பாற்ற நினைத்ததை மீறிவிடலாம்.

பைக்கில் வரும் அந்தத் தம்பியைக் குற்றவாளியாக்கி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அவனும் பக்கத்து ஊர்ப் பையன்தான்; வசூல் குறைந்தால் அவனும் ஒரு மேலாளர் முன்னால் நிற்கிறான். எல்லாரும் தனக்கு மேலே இருப்பவருக்கு நல்லவராக இருக்க முயலும்போது பாரம் கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் குழாயடியில் வந்து நிற்கிறது.

கூட்டுப் பொறுப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. சுய உதவிக் குழுவிலும் அது இருக்கிறது, அங்கேயும் சண்டை வருகிறது. ஒருத்தி நின்றால் குழுவின் அடுத்த வங்கிக் கடன் தள்ளிப்போகிறது. ஆனால் அங்கே, "இவளுக்கு ரெண்டு மாசம் விட்டுப்பிடிப்போம்" என்று பெண்களே தீர்மானம் போட முடியும். வட்டியில் அவர்களுக்குப் பங்கு உண்டு. இவ்வளவு பெரிய கடன் இவளுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியும். வேண்டாம் என்று சொல்ல முடிகிறவள், லாபத்தில் பங்குள்ளவள், தவணையைத் தள்ளிவைக்கும் அதிகாரமுள்ளவள் — இந்த மூன்றும் இருந்தால் அடுத்தவள் கடனுக்குப் பொறுப்பேற்பது அறம். மூன்றும் இல்லாத இடத்தில் அவள் பொறுப்பாளி அல்ல, ஈடு. ஊருக்கே மழை பொய்த்த வருஷத்தின் நஷ்டம், அபாயத்துக்கு என்று வட்டி வாங்கியவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.