எழுபதாயிரம் வெள்ளி எத்தனை மாதம் தாங்கும்?

டோபி காட்டில் மூன்று ரயில் பாதைகள் கூடுகின்றன. பொங்கோலில் இருப்பவருக்கும் ஈசூனில் இருப்பவருக்கும் வந்துபோக வசதி என்பதால், காப்புறுதி பற்றிப் பேச வரும் இளம் தம்பதிகளை அங்கேதான் சந்திக்கிறேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தகப்பன்மார் பலர் எடுத்தவுடன் சொல்வது இதுதான்: “மசே நிதியிலேயே காப்புறுதி இருக்கே அண்ணா, இன்னொண்ணு எதுக்கு?”

தம்பி, அந்த நினைப்பை இன்றே உடைத்துப் போடுங்கள்!

சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் நல்ல திட்டம். 34 வயது வரை ஆண்டுக்கு வெறும் 18 வெள்ளிதான் கட்டணம். 60 வயதுக்குள் உயிர் போனாலோ நிரந்தர முழு உடற்குறை வந்தாலோ 70,000 வெள்ளி கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாமல் வேலை அனுமதியில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கணவருக்கு 32 வயது, மாதம் 5,000 வெள்ளி சம்பளம். குழந்தைக்கு இரண்டு வயது. மனைவி வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். வீட்டுக் கடனைத் தவிர்த்து மாதச் செலவு 3,000 வெள்ளி. கணவர் இல்லாமல் போனால் 70,000 வெள்ளி இரண்டு ஆண்டுகூடத் தாங்காது. பிள்ளை பாலர் பள்ளியில் இருக்கும்போதே தீர்ந்துவிடும்!

“வீட்டுக் கடனுக்குத்தான் தனியா காப்புறுதி இருக்கே” என்பீர்கள். வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் வீவக வீட்டின் கடனை அடைக்கும். செலவுக்குக் கையில் காசு தராது. அந்தக் கடனும் முழுதாக அடைபடுமா? வீடு வாங்கியபோது இருவரும் வேலையில் இருந்ததால் ஆளுக்குப் பாதி என்று பதிந்திருப்பீர்கள். கடன் பாக்கி 4,00,000 வெள்ளி என்றால், கணவர் இறந்தால் 2,00,000 மட்டுமே அடைபடும். மீதி, சம்பளமே இல்லாத மனைவியின் தலையில்! சிங்பாஸ் வழியாக மசே நிதிக் கணக்கைத் திறந்து, உங்கள் பெயருக்கு நேரே எத்தனை விழுக்காடு என்று இன்றிரவே பாருங்கள். இருவருமே நூறு விழுக்காடு எடுத்துக்கொள்ளலாம். உயர்த்தக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? சிங்கப்பூர் நாணய ஆணையமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அடிப்படை நிதித் திட்ட வழிகாட்டி, ஆண்டு வருமானத்தைப் போல ஒன்பது மடங்கு என்கிறது. நம் குடும்பத்துக்கு அது 5,40,000 வெள்ளி. 70,000-ஐக் கழித்தால் 4,70,000 வெள்ளி இடைவெளி. இது தோராயக் கணக்குதான். ஊரில் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு இன்னும் வேண்டும்; மனைவி சீக்கிரம் வேலைக்குத் திரும்புவார் என்றால் குறையும். கம்பெனி தரும் குழுக் காப்புறுதியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொதுவாக அது வேலை போகும் நாளிலேயே போய்விடும்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் டெர்ம் காப்புறுதி. “கட்டின காசு திரும்பி வராதே!” என்று இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். வராது. வராததால்தான் கட்டணம் குறைவு. பணம் திரும்ப வேண்டும் என்று அதே கட்டணத்தில் ஆயுள் முழுவதற்குமான பாலிசியை எடுத்தால் பாதுகாப்புத் தொகை பல மடங்கு சுருங்கிவிடும். 1,00,000 வெள்ளிக்கு அப்படி ஒன்றை எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. மூன்று ஆண்டுகூடத் தாங்காத தொகை அது! பிள்ளை சொந்தக் காலில் நிற்கும் வயது 25 என்று வைத்தால், 25 ஆண்டு டெர்ம் போதும்.

முகவர் தலையில் கட்டிவிடுவாரோ என்று பயமா? compareFIRST தளத்தில் நீங்களே விலையை ஒப்பிடலாம். முகவர் கமிஷன் இல்லாத நேரடி டெர்ம் பாலிசியை ஒரே நிறுவனத்தில் 4,00,000 வெள்ளி வரை வாங்கலாம். அதில் எனக்கு ஒரு காசும் வராது. ஆனாலும் சொல்கிறேன், வாங்குங்கள்!

விண்ணப்பத்தில் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். எப்போதாவது பிடிக்கும் சிகரெட், சர்க்கரைக்குப் போடும் மாத்திரை, பழைய அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் எழுதுங்கள். கட்டணம் கூடினால் கூடட்டும். மறைத்தது பிறகு தெரியவந்தால் இழப்பீடே கிடைக்காமல் போகலாம். அப்போது நிறுவனத்தோடு மல்லுக்கட்டப் போவது உங்கள் மனைவி.

கையெழுத்துப் போட்டதும் நாமினி படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். மசே நிதிக்குச் செய்த நியமனம் இந்தப் பாலிசிக்கும் செல்லாது, அந்த 70,000 வெள்ளிக்கும் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் தேவை. நாமினியோ நாமினியின் கணவனோ மனைவியோ சாட்சியாக முடியாது. மனைவியை நாமினியாகப் போடுவதென்றால், உடன் வேலை செய்யும் இருவரை இந்த வாரமே அழைத்து உட்கார வையுங்கள்.