ஜூலை முதலாம் திகதி தொடக்கம்

"விலைவாசி ஏறியிருப்பதால் அடுத்த மாதம் தொடக்கம் வாடகை கூடும். கட்டுப்படியாகாவிட்டால் வீட்டை ஒப்படைக்கவும்."

பதுளை நகரில் வாடகை வீடுகளின் கதவிடுக்கில் செருகப்படும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரிக்குள் முடிந்துவிடும். எழுதியவருக்கு எல்லாம் சொல்லியாயிற்று என்ற நினைப்பு. வாசிப்பவருக்கோ எவ்வளவு கூடும் என்று தெரியாது. கடிதம் 28ஆம் திகதி எழுதப்பட்டு 2ஆம் திகதி கைக்கு வந்தால் 'அடுத்த மாதம்' எது என்பதும் தெரியாது. தெளிவாக விளங்குவது ஒன்றுதான்: போகச் சொல்கிறார்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தட்டில் அவர் குடும்பம். மேல்தட்டில் ஒன்பது வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கணவர் நகரத்துப் புடவைக் கடையில் வேலை செய்கிறார், மனைவி முன்பள்ளி ஆசிரியை. கணவரின் தாயார் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் இன்னும் கொழுந்து பறிக்கிறார். பத்தாம் திகதிச் சம்பளத்தில் ஒரு பங்கு இந்த வீட்டு வாடகைக்கு வந்து சேரும். வாடகை 2021 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று பேசியது, இன்றுவரை அதேதான். இப்போது உரிமையாளர் 20,000 ரூபாய் கேட்க நினைக்கிறார்.

ஐயாயிரம் ரூபாய் அந்தக் குடும்பத்துக்கு என்ன? தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், தாயார் மாதத்தில் மூன்று நாள் மலை ஏறிப் பறித்தாலும் இந்தத் தொகை முழுதாகத் தேறாது. கடிதம் எழுத உட்காரும்போது உரிமையாளருக்கு இது நினைவில் இருக்க வேண்டும். தொகையைக் குறைத்தாக வேண்டும் என்பதில்லை. ஆயத்தப்பட எவ்வளவு காலம் கொடுப்பது என்ற முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது.

திகதியைப் பார்ப்போம். நம் நாட்டில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் மாத வாடகைக்கு இருப்பவரை எழுப்புவதென்றால், குறைந்தது ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அது வாடகை மாதத்தின் முடிவோடு முடிய வேண்டும் என்பது பொதுவான சட்ட வழக்கம். வாடகையைக் கூட்டுவதும் ஒரு வகையில் பழைய பேச்சை முடித்துப் புதுப் பேச்சைத் தொடங்குவதுதான். ஆகவே ஒரு மாதத்துக்குக் குறைந்த அவகாசம் எந்த வகையிலும் நிற்காது. ஒன்பது வருடம் இருந்த குடும்பத்துக்கு மூன்று மாதம் கொடுப்பதே முறை. வேறு வீடு தேடுவதா, பேசிப் பார்ப்பதா, ஏற்றுக்கொள்வதா என்று தீர்மானிக்க அவ்வளவு காலம் வேண்டும்.

திகதியை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. 01/07 என்று எழுதினால் ஒருவர் ஜூலை முதலாம் திகதி என்பார், இன்னொருவர் ஜனவரி ஏழு என்பார். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. ஊவாவில் வீட்டுக்காரர் சிங்களவராகவும் குடியிருப்பவர் தமிழராகவும் இருப்பது சாதாரணம். அப்படியானால் வாசிப்பவருக்குத் தெரிந்த மொழியிலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

அடுத்தது காரணம். 'விலைவாசி' என்று மட்டும் எழுதினால் அது எந்த வருட விலைவாசி? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 செப்டெம்பரில், அது பூச்சியத்துக்குக் கீழே போனது. 2023 முடிவில் வாடகையைக் கூட்டிய ஒருவர், அடுத்த வருடமே மறுபடி விலைவாசியைக் காட்டினால் அந்தக் காரணம் எடுபடாது. 2021இலிருந்து கூட்டாதவரின் நிலை வேறு. அன்றைய விலைகளோடு ஒப்பிட்டால் பொதுவான விலைமட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அவர் எழுத வேண்டியது, கடைசியாக வாடகை எப்போது நிர்ணயமானது என்பதை.

இந்த வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் மேல்தட்டுக் கூரைத்தகடுகளை மாற்றினார்கள், செலவு 180,000 ரூபாய். ஐந்து வருடத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 3,000. மீதி 2,000 தான் விலைவாசிக்காகக் கேட்பது. இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகு கடிதம் தானாக அமைந்துவிடுகிறது:

"2026 மார்ச் 30. அன்புள்ள தம்பிக்கும் டீச்சருக்கும். மேல்தட்டு வீட்டின் மாத வாடகை 2026 ஜூலை முதலாம் திகதி தொடக்கம் 15,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக மாறும். ஜூன் மாதம்வரை பழைய வாடகையே. ஜூலை வாடகையையும் வழமைபோல 10ஆம் திகதிக்குள் தரலாம். வாடகை கடைசியாக 2021 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. கூடும் 5,000 ரூபாயில் 3,000 கூரை மாற்றிய செலவுக்கு, அது 2031 ஜூன் வரை மட்டும். 2,000 அன்றிலிருந்து ஏறிய விலைவாசிக்கு. முற்பணத்தில் மாற்றமில்லை, மின்சார, தண்ணீர்ப் பட்டியல்களிலும் மாற்றமில்லை. இதைப் பற்றிப் பேச வேண்டுமானால் மே 15ஆம் திகதிக்கு முன் சொல்லுங்கள்."

கூரைச் செலவுக்கு முடிவுத் திகதி போட்டிருப்பது தற்செயல் இல்லை. காரணத்தைக் கணக்காக எழுதினால், "செலவு தீர்ந்த பிறகும் இதே வாடகையா ஐயா?" என்று டீச்சர் கேட்கத்தான் போகிறார். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாதவர் அந்தக் காரணத்தை எழுதாமல் விடுவதே நல்லது. அதேபோல 'விருப்பமில்லாவிட்டால் போகலாம்' என்ற வரி இந்தக் கடிதத்தில் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்வது வேறொரு அறிவித்தல். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டுமே தெளிவற்றுப் போகும்.

எல்லா வீட்டுக்கும் இந்தக் கடிதம் பொருந்தாது. நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை ஓடிக்கொண்டிருந்தால், அதில் இடம் இல்லாதவரை இடைநடுவே வாடகையைக் கூட்ட முடியாது. நகரத்துப் பழைய கட்டடங்களில் சில 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் இன்னும் வரலாம். அங்கே சட்டம் அனுமதிக்கும் வாடகைக்கு மேல் வாங்குவதே தவறு, எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் செல்லாது. 1980ஆம் ஆண்டுத் திருத்தம் பல புதிய வீடுகளை அதிலிருந்து விடுவித்தது. வீடு எப்போது கட்டப்பட்டது, எப்போது முதன்முதலில் வாடகைக்குப் போனது என்ற விபரங்களோடு ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று திகதியோடு கையொப்பம் வாங்கி வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அந்தக் கையொப்பம் கடிதம் கிடைத்ததற்குத்தான், கூடிய வாடகைக்குச் சம்மதம் என்பதற்கு இல்லை. இதைத் தம்பிக்குச் சொல்லிவிட வேண்டும். ஏப்ரலில் அவர் வந்து, "ஐயா, ஒரேயடியாக ஐயாயிரம் கஷ்டம். ஜூலையில் 18,000, ஜனவரியிலிருந்து 20,000 என்றால் சமாளிப்போம்" என்று கேட்டால், ஒத்துக்கொண்டதை அதே கடிதத்தின் அடியில் எழுதி இருவரும் ஒப்பமிடலாம். பிறகு ஜூலை பத்தாம் திகதி பணம் கைமாறும்போது, பற்றுச்சீட்டில் 'வாடகை' என்று மட்டும் எழுதாமல் '2026 ஜூலை மாத வாடகை, 18,000 ரூபாய்' என்று முழுதாக எழுத வேண்டும்.